அந்த இன்னொரு குழு என்ன குடித்தது?

தூக்கம் வரவில்லை என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் பால் குடி. கெமோமில் பூவில் டீ போட்டுக் குடி. கூடவே அறிவியல் காரணமும் ஒன்று வரும்: பாலில் டிரிப்டோஃபான் இருக்கிறதாம், கெமோமிலில் எபிஜெனின் இருக்கிறதாம். என் கட்சி இதுதான்: இந்தப் பானங்கள் நிறையப் பேருக்கு உதவத்தான் செய்கின்றன, ஆனால் சொல்லப்படும் காரணம் தப்பு. காரணம் தப்பானால் என்ன போச்சு என்று கேட்கலாம். போகிறது. தப்பான காரணத்தை நம்புகிறவர்தான் ஒரு டம்ளர் பலிக்காதபோது இரண்டாக்குவார், அடுத்து அதே பொருளை மாத்திரையாக வாங்குவார்.

முதலில் பால். டிரிப்டோஃபான் ஒரு அமினோ அமிலம். உடல் அதிலிருந்து செரோடோனினையும், அதன் வழியாகத் தூக்கத்துக்கு நேரம் சொல்லும் ஹார்மோனான மெலடோனினையும் உண்டாக்குகிறது. இதுவரை சரி. ஆனால் ஒரு டம்ளர் பாலில் அது சுமார் 100 மில்லிகிராம்தான் தேறும். தூக்கத்துக்காக நடந்த பழைய ஆய்வுகளில் பலவற்றில் கொடுத்தது 1 கிராமும் அதற்கு மேலும். அந்த அளவைப் பாலிலேயே எட்டவேண்டுமானால் பத்து டம்ளர் போலக் குடிக்கவேண்டும். அப்புறம் இரவு முழுவதும் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடக்கவேண்டியதுதான்.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய டிரிப்டோஃபானுக்குத் தனி வழி கிடையாது. லூசின், வேலின், டைரோசின் போன்ற மற்ற அமினோ அமிலங்களும் அதே வாசலில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பால் புரதத்தில் அவை டிரிப்டோஃபானைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் புரதம் உள்ள எதைச் சாப்பிட்டாலும் வாசலில் கூட்டம்தான் கூடும். டிரிப்டோஃபானுக்கு முன்னுரிமை கிடைக்காது. தனியாகப் பிரித்தெடுத்த டிரிப்டோஃபானைக்கூட, தூக்கமின்மைக்குச் சிகிச்சையாகக் கொடுக்கவேண்டாம் என்ற பக்கம்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2017 வழிகாட்டுதல் சாய்ந்தது. அந்த நிலையில், பாலில் இருக்கும் சொட்டு அளவை வைத்துக்கொண்டு வாதாடுவதில் அர்த்தம் இல்லை.

கெமோமிலின் கதை இன்னும் சுவாரஸ்யம். அந்தப் பூவில் உள்ள எபிஜெனின் என்ற வேதிப்பொருள், மூளையில் தூக்க மாத்திரைகள் ஒட்டும் அதே ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்று 1995-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அந்த ஒற்றை வரிதான் இன்றுவரை டீ பாக்கெட்டுகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறது. மனிதர்களிடம் என்ன ஆயிற்று? இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்து 2011-இல் வெளியானது ஒன்று. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 34 பேர். ஒரு பாதிக்குக் கெமோமில் சாறு அடைத்த கேப்ஸ்யூல், 270 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 28 நாள். மறு பாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று கேப்ஸ்யூல். தூங்க ஆன நேரம், மொத்தத் தூக்கம், நடுவில் விழித்த நேரம் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், அதனால் இதுவே முடிந்த முடிவு என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று தைவானில் நடந்து 2016-இல் வந்தது. பிரசவம் ஆகிச் சரியாகத் தூங்காத 80 பெண்கள். ஒரு பாதி இரண்டு வாரம் கெமோமில் டீ குடித்தது. தூக்கத் தொந்தரவும் மனச்சோர்வும் கொஞ்சம் குறைந்தன. நான்காவது வாரத்தில் பார்த்தபோது இரு குழுவுக்கும் வித்தியாசம் மறைந்திருந்தது. 'கெமோமில் வேலை செய்கிறது' என்று இதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். சரி, அந்த இன்னொரு குழு என்ன குடித்தது? ஒன்றும் இல்லை. வழக்கமான பராமரிப்பு மட்டும்தான். அப்படியானால் இந்த ஆய்வு அளந்தது பூவையா, அல்லது கைக்குழந்தையோடு அல்லாடும் ஒரு தாய் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சூடாக ஒரு கப் தனக்கென்று குடித்ததையா? பிரித்துச் சொல்ல அதில் வழியே இல்லை. வெந்நீர் குடிக்கும் மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிக முக்கியமான ஆய்வு அதிகம் பேசப்படாத பழைய ஒன்று. எடின்பரோவில் தூக்கத்தை ஆராய்ந்த கிர்ஸ்டின் ஆடம் 1980-இல் வெளியிட்டது. படுக்கும் முன் ஹார்லிக்ஸ் போன்ற பானம் கொடுத்த இரவுகளையும் ஒன்றும் இல்லாத கேப்ஸ்யூல் மட்டும் கொடுத்த இரவுகளையும் ஒப்பிட்டார்கள். கூடவே, அவரவர் வீட்டில் படுக்கும் முன் என்ன சாப்பிடுவது வழக்கம் என்றும் விசாரித்தார்கள். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. இரவில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவர்கள் பானத்தோடு நன்றாகத் தூங்கினார்கள். ஒன்றும் சாப்பிடாமல் படுக்கிறவர்களுக்கு அதே பானம் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரே பானம், இரண்டு விளைவு. பானத்தின் வேதியியல்தான் காரணம் என்றால் இப்படி ஆளுக்கு ஆள் திசை மாறியிருக்காது. பழக்கத்திலிருந்து விலகியதுதான் இடைஞ்சல்.

இதை அன்றாடத்தில் பொருத்திப் பாருங்கள். ஒருவர் பல வருடமாக ஒன்பதரைக்குப் பால் குடித்துவிட்டுப் பத்தரைக்குப் படுக்கிறார். அவருக்கு அந்த டம்ளர் 'நாள் முடிந்தது' என்ற அறிவிப்பு. பால் சுடும் வரை அடுப்படியில் நிற்கிறார், போன் கையில் இல்லை, புது வேலை எதுவும் தொடங்கமாட்டார். அவரிடம் போய் 'ஆதாரம் இல்லை, நிறுத்து' என்று சொல்வது வீண் வேலை. அவர் மனைவி ஏழரைக்கே சாப்பாட்டை முடித்து வெறும் வயிற்றோடு படுத்து நன்றாகத் தூங்குகிறவர். அவருக்கு 'நீயும் குடி, நல்லது' என்று டம்ளரை நீட்டினால் வயிறு உப்புசமும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போகவேண்டிய அவஸ்தையும்தான் மிச்சம்.

பிடித்துக் குடிக்கிறவர்கள் அளவைச் சின்னதாக, ஒரு 150 மில்லியோடு, படுக்க ஒரு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளலாம். கெமோமில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிரீன் டீயோ பிளாக் டீயோ கலந்திருந்தால் அதில் கஃபீன் உண்டு. சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்குக் கெமோமிலும் ஒவ்வாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்: வார்ஃபரினோடு கெமோமில் டீயும் கெமோமில் லோஷனும் சேர்த்துப் பயன்படுத்திய 70 வயதுப் பெண்மணி ஒருவருக்கு உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டதை 2006-இல் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள். மதுவை இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்களுக்கு ஒரே வரி: அது சீக்கிரம் கண்ணை மூடவைத்து, பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும்.

ஆறுதல் சடங்கு என்றால் தீங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஒரு நாள் கப் இல்லாமல் படுத்துப் பாருங்கள். 'ஐயோ, இன்னிக்குத் தூக்கம் போச்சு' என்று நெஞ்சு படபடத்தால் சடங்கு ஊன்றுகோலாகிவிட்டது. தூக்கமின்மையை வளர்ப்பதே அந்தப் பயம்தான். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்து, பகல் பொழுதையும் பாதித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதில் தூக்கம் வந்தால் மட்டும் படுக்கச் சொல்வார்கள், வராவிட்டால் எழுந்துவிடச் சொல்வார்கள், காலையில் ஒரே நேரத்தில் எழச் சொல்வார்கள், படுக்கையில் கிடக்கும் நேரத்தையே முதலில் குறைப்பார்கள். முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பாலோ டீயோ அதோடு சேர்ந்து இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம்.