காலை ஃப்ளைட்டுக்குக் கோலாலம்பூரில் எதில் ஏறுவது?

தொண்டியிலிருந்து பெரியபட்டினம் வரைக்கும் நம்ம கரையோர ஊர்களில் வீட்டுக்கு ஒரு மலேசியா சபராளி உண்டு. ஊர் திரும்பும் மாதம் வந்துவிட்டால் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரே கேள்வி சுற்றும்: "திருச்சி ஃப்ளைட் காலைல எட்டு மணிக்கு. சாமான் நிறைய இருக்கு. ஏர்போர்ட்டுக்கு எக்ஸ்பிரஸ் ட்ரெயினா, மெட்ரோவா, பஸ்ஸா?" உடனே நாலு பேர், "எக்ஸ்பிரஸ்ல ஏறுங்க மாமா, 33 நிமிஷம்தான்" என்று எழுதிவிடுவார்கள். அந்த 33 நிமிஷம் உண்மைதான். அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் தப்பு என்பது என் கருத்து.

பார்க்க வேண்டியது இரண்டே. கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும், சாமானை எத்தனை தடவை கையால் தூக்க வேண்டும். வண்டியின் வேகம் அதற்கப்புறம்தான்.

முதலில் மெட்ரோவைத் தள்ளி வைத்துவிடலாம். கோலாலம்பூர் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. இரண்டுமே விமான நிலையத்துக்குள் போகாது. சிலர் சொல்லும் மலிவு வழி என்னவென்றால், எம்.ஆர்.டி. புத்ராஜெயா லைனில் கடைசி வரை போய், புத்ராஜெயா சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து கே.எல்.ஐ.ஏ. ட்ரான்ஸிட் ரயில் பிடிப்பது. அந்தக் கடைசித் துண்டுக்குச் சுமார் 10 ரிங்கிட்தான் என்பதால் மொத்தச் செலவு எக்ஸ்பிரஸில் பாதி கூட வராது. பகல் ஃப்ளைட்டுக்கு, கைப்பையோடு போகிறவருக்கு அருமையான வழி. ஆனால் எம்.ஆர்.டி. ஓடத் தொடங்குவதே காலை 6 மணி வாக்கில். நகரத்திலிருந்து புத்ராஜெயாவுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. மாறி ஏறி டெர்மினல் 2 போய்ச் சேரும்போது ஏழரை ஆகிவிடும். பத்து மணிக்கு முந்தைய ஃப்ளைட்டுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

இனி மிச்சம் எக்ஸ்பிரஸும் பஸ்ஸும்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் டெர்மினல் 1க்கு 28 நிமிடத்திலும் டெர்மினல் 2க்கு 33 நிமிடத்திலும் போகும். ஒரு ஆளுக்கு 55 ரிங்கிட், நம்ம பணத்தில் ஆயிரத்துக்கு மேல். அதே தண்டவாளத்தில் ஓடும் ட்ரான்ஸிட் ரயில் நடுவில் மூன்று இடத்தில் நின்று போகும், சில நிமிடம் கூடுதல். கே.எல். சென்ட்ரலில் ஏறினால் இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான், ஆனால் நுழைவாசல் வேறு வேறு. ட்ரான்ஸிட் நம்ம மாதிரி சாமான்காரர்களுக்கான வண்டி இல்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கானது. காசும் மிச்சமில்லை என்கிறபோது அதில் ஏற ஒரு காரணமும் இல்லை.

பஸ்ஸும் கே.எல். சென்ட்ரலின் கீழ்த்தளத்திலிருந்தே கிளம்புகிறது. கட்டணம் 15 ரிங்கிட் அளவில். விடியற்காலையில் ரோடு காலியாக இருப்பதால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். முதல் ரயிலுக்கு முன்னாலேயே கிளம்பும் பஸ் உண்டு. நேரப்பட்டியல் அடிக்கடி மாறுவதால் முந்தைய நாள் சாயங்காலமே கவுண்டரில் போய் நேரத்தைக் கேட்டு டிக்கெட்டையும் எடுத்து வைத்துவிடுவது நல்லது. அப்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: பஸ் முதலில் எந்த டெர்மினலுக்குப் போகும்? உங்களுடையது இரண்டாவது நிறுத்தம் என்றால் இன்னொரு கால் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மஸ்ஜித் இந்தியா பக்கம் தங்கியிருக்கும் ஒருவர். டெர்மினல் 2ல் காலை 8:10க்குத் திருச்சி ஃப்ளைட். சக்கரப் பெட்டி ஒன்று, 25 கிலோ. கையில் 7 கிலோ பை.

ஏர் ஏசியாவில் வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கவுண்டர் மூடிவிடும். அதாவது 7:10. திருச்சி ஃப்ளைட் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் எடை கூடிப்போய்ப் பெட்டியை அங்கேயே தரையில் திறந்து, மைலோவை எடுத்து மகன் பையில் திணித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் 6:10க்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரயில் இறங்கும் தளம் இரண்டு, புறப்பாட்டுத் தளம் மூன்று. நடுவில் ஒரு முழு ஷாப்பிங் மாலைக் கடக்க வேண்டும். ட்ராலியோடு, லிஃப்டுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் கால் மணி நேரம். ஆக 5:55க்கு ரயிலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் 5:20 வாக்கில் கிளம்பும் எக்ஸ்பிரஸ். அதற்கு 5:05க்கு கே.எல். சென்ட்ரல், வீட்டை விட்டு 4:45. அந்த நேரத்தில் எல்.ஆர்.டி. கிடையாது. மஸ்ஜித் ஜாமேக்கிலிருந்து இரண்டே ஸ்டேஷன்தான் என்றாலும் கார் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

அதே ஆள் பஸ்ஸில் போனால்? பஸ் முதலில் டெர்மினல் 1க்குப் போகும் என்றே வைத்துக்கொண்டாலும், 4:40க்குக் கிளம்பினால் 5:55க்கு டெர்மினல் 2. சாமான் ஏற்ற 4:20க்கு நிற்க வேண்டும், வீட்டை விட்டு 4 மணி. ஆக எக்ஸ்பிரஸுக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரத் தூக்கமும் 40 ரிங்கிட்டும். அவ்வளவுதான். எக்ஸ்பிரஸின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று தவறினால் அடுத்தது காலை நெருக்கடி நேரத்தில் சுமார் 20 நிமிடத்தில் வந்துவிடும். பஸ் தவறினால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்பது அந்த வேளையைப் பொறுத்தது. தனி ஆள், ஒரே சக்கரப் பெட்டி, எட்டு மணி ஃப்ளைட் என்றால் நானும் எக்ஸ்பிரஸ் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஃப்ளைட் 6:40 என்று வையுங்கள். கவுண்டர் 5:40க்கு மூடும். முதல் எக்ஸ்பிரஸ் காலை 5 மணி வாக்கில். அதிலேயே ஏறினாலும் 5:33க்கு இறங்கி, ஷாப்பிங் மாலைக் கடந்து மேலே வர 5:48. கவுண்டர் மூடி எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஏழரைக்கு முன்னால் கிளம்பும் ஃப்ளைட் எதற்கும் ரயிலை நம்பக் கூடாது. பஸ், இல்லையென்றால் நேராகக் கார்.

இங்கே நம்ம ஆட்கள் அதிகம் சறுக்கும் ஒரு இடத்தைச் சொல்லியாக வேண்டும். "சுபுஹு தொழுதுட்டுக் கிளம்பிடலாம்" என்கிற கணக்கு. நம்ம ஊரில் சுபுஹு ஐந்து மணி வாக்கில் வந்துவிடும். எட்டு மணி ஃப்ளைட்டுக்கு அது தாராளம் என்று மனது பழைய கணக்கிலேயே ஓடும். மலேசியக் கடிகாரத்தில் சுபுஹு ஆறு மணியை ஒட்டி வரும். தொழுது, சலாம் சொல்லி, சாமானை இறக்கி 6:15க்குக் காரில் ஏறினால் 6:40 எக்ஸ்பிரஸ்தான் கிடைக்கும். டெர்மினல் 2ல் இறங்கும்போதே 7:13. கவுண்டர் மூடியது 7:10. விமான நிலையத்திலேயே சூராவ் இருக்கிறது. முதலில் பெட்டியைப் போட்டுவிட்டு அங்கே தொழுதுகொள்ளலாம்.

அடுத்து, சாமான். 25 கிலோ சக்கரப் பெட்டியும் 25 கிலோ அட்டைப்பெட்டியும் எடை மெஷினில்தான் ஒன்று. சக்கரப் பெட்டி எக்ஸ்பிரஸில் சுகமாகப் போகும், ஏனென்றால் பிளாட்ஃபாரமும் பெட்டியின் தரையும் ஒரே மட்டம், படியே கிடையாது. நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை காரிலிருந்து ரயில் வரைக்கும் கைதான் சுமக்க வேண்டும். டிக்கெட் கேட்டில் ஒரு கை டிக்கெட்டைத் தேடும்போது பெட்டி கீழே, அப்புறம் மறுபடி குனிந்து தூக்கு. கயிறு விரலை அறுக்கும். பஸ்ஸில் அடியிலுள்ள டிக்கியில் ஒரு தடவை தள்ளிவிட்டால் டெர்மினலில்தான் அடுத்துத் தொட வேண்டும். அட்டைப்பெட்டிக்காரர்களுக்கு பஸ்தான் என்பது என் தீர்ப்பு. ஒரே எச்சரிக்கை, டிக்கியில் மற்றவர் பெட்டி மேலே ஏறும். தைலப் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் வைக்காமல் சக்கரப் பெட்டியின் நடுவில், துணிக்குள் சுற்றி வையுங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெட்டிகள் நிறைய வரும் என்பதால் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுவதும் அவசியம்.

இரண்டு பேராகப் போனால் எக்ஸ்பிரஸ் 110 ரிங்கிட். அதோடு கே.எல். சென்ட்ரல் வரை காருக்கும் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் வீட்டு வாசலிலிருந்து டெர்மினல் வாசலுக்கே கிராப் கார், டோலையும் சேர்த்துப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அப்புறம் எதற்கு எக்ஸ்பிரஸ்? சின்னக் காரில் இரண்டு பெரிய பெட்டி அடங்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். புக் பண்ணும்போதே ஆறு சீட்டர் கேளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கியிருப்பவர்களுக்கு கே.எல். சென்ட்ரல் நடை தூரம் என்பதால் கணக்கு மாறும். அவர்களுக்கு பஸ்ஸை அடிக்க எதுவும் இல்லை.

டெர்மினல் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ரயில் முதலில் டெர்மினல் 1ல் நிற்கும், பாதி வண்டி காலியாகும். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிடக் கூடாது. ஏர் ஏசியா டெர்மினல் 2. பாத்திக் ஏர் டெர்மினல் 1. தப்பாக இறங்கினால் இரண்டுக்கும் நடுவில் மூன்றே நிமிஷப் பயணம்தான், ஆனால் அடுத்த ரயில் வரும்வரை பெட்டியோடு பிளாட்ஃபாரத்தில் நிற்க வேண்டும்.

நேர வித்தியாசம் இரண்டரை மணி என்பதால் எட்டு மணிக்கு ஏறியவர் நம்ம நேரத்துக்கு ஒன்பதரையை ஒட்டித் திருச்சியில் இறங்கிவிடுவார். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகும் ரோடு அதுதான், பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகும். ஆனால் அந்த பஸ்ஸில் அடியில் டிக்கி கிடையாது. பின்படிக்கட்டில் ஏற்றி, கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் போட்டு, கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட் வாங்க வேண்டும். கோலாலம்பூரிலேயே அந்தப் படிக்கட்டை மனதில் வைத்துப் பெட்டியைக் கட்டுங்கள்: 40 கிலோவை ஒரே மூட்டையாகக் கட்டாமல் 20, 20 என்று இரண்டாக.