கதைசொல்லியைப் பைத்தியம் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?

சிறுகதை வகுப்புக் கட்டுரைகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "கதைசொல்லிக்கு மனநிலை சரியில்லை, ஆகவே அவள் நம்பகமற்றவள்." இதற்கு மதிப்பெண் தரக் கூடாது என்பது என் கருத்து. இது நோய்க்குப் பெயர் வைப்பது. கதையை வாசிப்பது வேறு வேலை.

சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையையே பாருங்கள். மருத்துவரான கணவர் ஜான், ஓய்வு என்ற பெயரில் மனைவியை ஒரு மாடி அறையில் தங்கவைக்கிறார். எழுதக்கூடாது என்கிறார். அவள் ஒளித்து எழுதும் குறிப்புகள்தான் கதை. தன்மைக் கூற்று, அதுவும் நடக்க நடக்க எழுதுவது. அதனால் நேற்று எழுதியதன் பொருள் அவளுக்கே இன்னும் தெரியாது.

சுவரின் அடியில், அறையைச் சுற்றி ஒரு நீண்ட தேய்ந்த தடம் இருப்பதாக எழுதுகிறாள். யார் செய்திருப்பார்கள், எதற்காக என்று கேட்கிறாள். அதற்கு முன்பே, அவளுடைய துணிகளிலும் ஜானுடைய துணிகளிலும் மஞ்சள் கறை இருப்பதாக நாத்தனார் ஜென்னி சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவள் தரையில் ஊர்ந்து போகும்போது தோள் அந்தத் தடத்தில் சரியாகப் பொருந்துகிறது. கட்டில் கடிக்கப்பட்டிருப்பதும் அப்படித்தான். முன்பு அங்கே இருந்த பிள்ளைகளின் வேலை என்கிறாள். அப்புறம் கொஞ்ச நேரத்தில், கோபத்தில் தானே ஒரு மூலையைக் கடித்ததாகச் சொல்கிறாள்.

கவனியுங்கள், தடமும் கறையும் கடித்த கட்டிலும் பொய்யல்ல. கண்ணால் கண்டதைச் சரியாகவே சொல்கிறாள். காரணம் சொல்லும் இடத்தில்தான் தவறுகிறாள். கட்டுரை இந்தப் பிரிவைக் காட்ட வேண்டும்: எதைப் பார்த்தாள், அதை எப்படி விளக்கினாள், எப்படி மதிப்பிட்டாள். அமெரிக்க இலக்கியத் திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961இல் 'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கருத்தை முன்வைத்தபோது, கதைசொல்லியின் மதிப்பீடுகள் படைப்பின் மதிப்பீடுகளிலிருந்து விலகுவதைத்தான் அளவுகோலாக வைத்தார். நோய் அவருடைய அளவுகோல் அல்ல.

அந்த அளவுகோலை வைத்தால் இன்னொன்றும் தெரியும். பிடித்த வேலையும் மாற்றமும் தனக்கு நல்லது என்று அவள் தொடக்கத்திலேயே சொல்கிறாள். கதை முழுக்க அவள் பக்கம்தான் நிற்கிறது. நிதானமாகப் பேசும் ஜானின் கணிப்புதான் தப்பாகிறது. "பைத்தியம்" என்று எழுதும் மாணவர், தெரியாமலே ஜானின் தீர்ப்பில் கையெழுத்துப் போடுகிறார்.

முடிவை மட்டும் அவசரமாகத் தீர்க்காதீர்கள். மயங்கி விழுந்த ஜான்மேல் ஒவ்வொரு முறையும் ஏறி ஊர்ந்து போக வேண்டியிருந்ததாக இறந்தகாலத்தில் சொல்கிறாள். ஊர்ந்துகொண்டிருப்பவள் இதை எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதினாள்? குறிப்பேடு என்ற வடிவம் அங்கே கிழிகிறது. விடை கதையில் இல்லை. அந்தக் கிழிசலைப் பார்த்து எழுதிய கட்டுரைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.