கனவை முழுசாகப் பிடிக்க வேண்டாம், ஒரு துண்டை மட்டும் எடுங்கள்

"கனவின் அர்த்தம் தேட, அதில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் மனதில் தோன்றுவதைச் சொல் என்கிறார்கள். எனக்கு எதுவுமே தோன்றவில்லையே, என்ன செய்வது?"

பெரும்பாலும் ஏதோ தோன்றியிருக்கும், 'இது சம்பந்தமில்லாதது' என்று நாமே தள்ளியிருப்போம். தள்ளியதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட், 1895 ஜூலையில் தன் நோயாளி இர்மாவைப் பற்றிக் கண்ட கனவையே பாருங்கள். அதில் நண்பர் ஓட்டோ இர்மாவுக்குப் 'புரோபைல்' ஊசி போடுகிறார். ஃபிராய்ட் முழுக்கனவுக்கும் அர்த்தம் தேடாமல், அந்த ஒரு சொல்லில் நின்றார். முந்தைய மாலை வீட்டில் திறந்த மதுப்புட்டி நினைவுக்கு வந்தது. அதில் அமைல் நெடி அடித்ததால் அவர் குடிக்கவில்லை. இரண்டும் ஒரே வரிசை ரசாயனப் பெயர்கள், அதனால் அமைலிலிருந்து புரோபைல். சரி, புட்டி யார் கொடுத்தது? ஓட்டோ. அதே ஓட்டோதான் அன்று, இர்மா முழுதாகக் குணமாகவில்லை என்று சொல்லி அவரை உறுத்தியவர். அப்புறம்தான் தெரிந்தது, இர்மா குணமாகாத பழியைக் கனவு ஓட்டோமேல் போடுகிறது என்று.

நீங்களும் இப்படியே ஒரு துண்டு, அதற்குத் தோன்றியவை, பிறகு அடுத்த துண்டு என்று போங்கள். 'அதாவது' என்று விளக்க ஆரம்பித்துவிட்டால் சங்கிலி அறுந்துவிட்டது, படத்துக்கே திரும்புங்கள்.

ஆனால் ஒன்று, எதிலிருந்தும் எதற்கும் சங்கிலி போடலாம். அதனால் கிடைப்பதை நிரூபணமாக எடுக்காதீர்கள்.