கணையத்தின் காரம் தீர்ந்துபோகிறது என்று மேடையேறிச் சொன்னவருக்கும், அதற்குக் கைதட்டியவர்களுக்கும்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் காணொளி எல்லோர் சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் விவரிக்க மாட்டேன். "நாற்பது வயதுக்கு மேல் உடம்பில் காரம் தீர்ந்துவிடும், கணையம் சோர்ந்துவிடும், ஆல்கலைன் தண்ணீர் குடித்தால் அந்தக் காரத்தை நாமே திருப்பிக் கொடுக்கலாம், மாத்திரை தேவையில்லை" என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தவறு என்று அதன் கீழே இரண்டு வரி எழுதினேன். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்களை நீங்களே பார்த்தீர்கள். உயிர்வேதியியல் கற்பித்துச் சம்பளம் வாங்கும் ஆளுக்கு இரண்டு வரி போதாது போலிருக்கிறது. விரிவாகவே எழுதுகிறேன்.

கணையம் காரத்தைச் சேமித்து வைத்துச் செலவழிக்கும் உறுப்பு அல்ல. அமிலம் வரும்போது அந்த நேரத்தில் தயாரித்து அனுப்பும் உறுப்பு. இந்தப் பதிவில் வேறு எதையும் நீங்கள் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பி.எச். என்ற எண் ஏழுக்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுகிறது, மேலே ஏற ஏறக் காரம் கூடுகிறது. இரைப்பையில் குழைந்த உணவு, பி.எச். ஒன்றரை, இரண்டு என்ற அளவிலான அமிலத்தோடு கலந்து, சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளப்படுகிறது. அங்கே பி.எச். ஏறத்தாழ நாலரைக்குக் கீழே இறங்கியதும், குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் செக்ரிடின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது இரத்தத்தோடு சுற்றிக் கணையத்தை அடைகிறது. கணையத்தின் நாளங்களை உள்ளே போர்த்தியிருக்கும் செல்கள் உடனே பைகார்பனேட் என்ற காரம் நிறைந்த நீரைச் சுரக்கின்றன. அந்த நீர் முன்சிறுகுடலில் இறங்கி அமிலத்தைச் சந்திக்கிறது.

HCl + NaHCO3 → NaCl + H2O + CO2

உப்பு, தண்ணீர், கரியமில வாயு. அவ்வளவுதான் மிச்சம். பி.எச். மேலே ஏறியதும் செக்ரிடின் குறைகிறது, சுரப்பும் குறைகிறது. யாரும் வெளியிலிருந்து உத்தரவு போடவில்லை.

இது நேற்று முளைத்த கருத்தும் இல்லை. 1902 ஜனவரியில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியங்கியல் ஆய்வாளர்கள் மயக்கமூட்டப்பட்ட ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் நீர்த்த அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. பிறகு குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து வடிகட்டி, இரத்த நாளத்தில் செலுத்தினார்கள். அப்போதும் சுரந்தது. உலகம் முதன்முதலில் அடையாளம் கண்ட ஹார்மோன் இதுதான். கணையத்துக்குக் காரம் சுரக்கச் சொல்வது அமிலம். அமிலத்தைப் பகையாகவே காட்டிப் பேசும் மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

சரி, "தீர்ந்துவிடும்" என்கிறார்களே, அதற்கு வருகிறேன். நாளச் செல்கள் கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துப் பைகார்பனேட்டும் அமிலமுமாகப் பிரிக்கின்றன. பைகார்பனேட் நாளத்துக்குள் போகிறது, அமிலம் இரத்தத்துக்குத் திரும்புகிறது. இரைப்பையில் நடப்பது இதற்கு நேர் எதிர்: அமிலம் இரைப்பைக்குள் போகிறது, பைகார்பனேட் இரத்தத்துக்குத் திரும்புகிறது. அதனால்தான் சாப்பிட்டபின் இரைப்பையிலிருந்து திரும்பும் இரத்தம் சற்றே காரமாகவும், கணையத்திலிருந்து திரும்பும் இரத்தம் சற்றே அமிலமாகவும் இருக்கிறது. இரண்டும் கலந்து சமன் ஆகிவிடுகின்றன. கரியமில வாயுவும் தண்ணீரும் இருக்கும்வரை இதில் எது தீர்ந்துபோகும்? நீங்களே சொல்லுங்கள்.

இனி அந்தத் தண்ணீருக்கான கணக்கு. பி.எச். 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அந்த எண்ணைத் தரும் காரம் 0.01 மில்லிமோல். பி.எச். ஒன்றரை உள்ள இரைப்பை நீர் ஒரு மில்லிலிட்டரில் 0.03 மில்லிமோல் அமிலம் இருக்கிறது. ஆக அந்த ஒரு லிட்டரையும் செல்லாக்காசாக்க ஆறேழு சொட்டு இரைப்பை நீர் போதும். தாது உப்புகள் கரைந்திருந்தால் கணக்கு கொஞ்சம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணையம் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கும் மேலே சுரக்கிறது. வேகமாகச் சுரக்கும்போது அதன் ஒவ்வொரு லிட்டரிலும் நூறு மில்லிமோலுக்கு மேல் பைகார்பனேட் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. அதற்குத் துணையாக நீங்கள் எதை விற்கிறீர்கள் என்று கேட்டால் எனக்குக் கோபக்காரப் பட்டம்.

"எனக்கு நெஞ்செரிச்சல் குறைந்ததே" என்று ஒருவர் எழுதியிருந்தார். குறைந்திருக்கலாம். எந்தத் தண்ணீரும் உணவுக்குழாயில் ஏறிய அமிலத்தைக் கழுவி இறக்கும். அது வேறு பேச்சு. "முன்னோர்கள் முட்டாள்களா" என்று கேட்டவருக்குப் பதில் இல்லை. முன்னோர்கள் யாரும் பாட்டிலில் அடைத்த ஆல்கலைன் தண்ணீர் குடிக்கவில்லை.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், கணையத்தின் காரம் உண்மையிலேயே குறைந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும். என் அத்தை. நாகர்கோவில் பக்கம் இருக்கிறார். கணைய நாளத்தில் சுண்ணாம்புக் கற்கள். கேரளத்திலும் நம் தென்பகுதியிலும் மருத்துவர்கள் அதிகம் பார்த்த, மது அருந்தாதவர்களுக்கும் வருகிற நாள்பட்ட கணைய அழற்சி. முதலில் சர்க்கரை வந்தது, பிறகு உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கண்பட்டுவிட்டது என்றார்கள். சரியாகச் சாப்பாடு போடுவதில்லை என்று அவர் மருமகளைக் குறை சொன்னார்கள். உண்மையில் அத்தை நன்றாகத்தான் சாப்பிட்டார். சாப்பிட்ட கொழுப்பு உடம்பில் சேரவில்லை. மலம் வெளிறி, பசைபோல் ஒட்டி, எண்ணெய் மினுங்க, தண்ணீர் ஊற்ற ஊற்றப் போகாமல் நின்றது. இதை அவர் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

உணவை உடைக்கக் கணையம் சுரக்கும் நொதிகளுக்கு ஏன் காரமான பி.எச். வேண்டும் என்பதை என் வகுப்பில் நான் சொல்வதைவிட அத்தையின் உடம்பு தெளிவாகச் சொன்னது. கொழுப்பை உடைக்கும் லைபேஸ் எட்டை ஒட்டிய பி.எச்.சில்தான் சிறப்பாக வேலை செய்யும். நான்குக்குக் கீழே போனால் அதன் வடிவமே குலைந்துவிடும். பிறகு காரம் வந்து சேர்ந்தாலும் அது மீண்டு எழாது. புரதத்தை உடைக்கும் டிரிப்சினுக்கும் எட்டுதான் உகந்தது என்றாலும் அமிலத்தில் அது அவ்வளவு எளிதில் அழிவதில்லை. போதாக்குறைக்கு, கொழுப்பைக் கரைத்துக் கொடுக்க வேண்டிய பித்த உப்புகளும் அமிலத்தில் கரையாமல் படிந்துவிடுகின்றன. அதனால்தான் முதலில் தோற்பது கொழுப்பு. அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போகின்றன.

அத்தைக்கு மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தார்கள். மிகக் குறைவு. நொதிக் காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்கள். காப்ஸ்யூல் பெரிதாக இருந்ததால் விழுங்க முடியவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு மதனி அதைத் திறந்து உள்ளிருந்த மணிகளை வெதுவெதுப்பான பாலில் கலக்கிக் கொடுத்தார். பாசத்தில் செய்ததுதான். வாரங்கள் போயும் மாற்றமே இல்லை.

அடுத்த முறை போனபோது, "எப்படிச் சாப்பிடுகிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்று மருத்துவர் கேட்டார். பால் என்றதும் புரிந்துகொண்டார். அந்த மணிகளின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. பி.எச். ஐந்தரைக்கு மேலே போனால்தான் அது கரையும். இரைப்பை அமிலத்தில் கரையாமல் தப்பித்து, முன்சிறுகுடலில் கரைய வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு. பாலின் பி.எச். ஆறரைக்கும் மேல். டம்ளரிலேயே பூச்சு கரைந்துவிட்டது. உறையில்லாத லைபேஸ் நேரே அமிலத்தில் விழுந்து செத்தது. மசித்த ஆப்பிள் ஒரு கரண்டியில் தூவி, மெல்லாமல், சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொன்னார். ஆப்பிள் புளிப்பு, பூச்சு அதில் நிற்கும்.

அதிலும் பாதிதான் பலன். இதைத்தான் கவனிக்க வேண்டும். அத்தையின் கணையம் நொதியை மட்டும் அல்ல, பைகார்பனேட்டையும் போதிய அளவு தருவதில்லை. நொதியைக் காப்ஸ்யூலில் கொடுத்தாயிற்று, காரத்தை யார் கொடுப்பது? முன்சிறுகுடல் அமிலமாகவே கிடந்தால் பூச்சு நேரத்துக்குக் கரையாது. மணிகள் வேலை செய்ய வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால் இரைப்பையில் அமிலம் சுரப்பதையே குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். அதன்பிறகுதான் மலத்தில் எண்ணெய் வருவது நின்றது. எடை ஏறத் தொடங்கியது.

"பார்த்தாயா, நீயும் அமிலத்தைக் குறைக்கத்தானே சொல்கிறாய்" என்று ஒருவர் இந்நேரம் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். ஆமாம், அத்தைக்கு. பரிசோதனை செய்து, காரம் வரும் வழி அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தபின், ஒரு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தது. இதன் மறுபக்கமும் உண்டு. 1955இல் சோலிங்கரும் எலிசனும் விவரித்த நோயில் கணையத்திலோ முன்சிறுகுடலிலோ வளரும் ஒரு கட்டி காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. இரைப்பை அளவு மீறி அமிலம் சுரக்கிறது. கணையம் நொதி தருகிறது, பைகார்பனேட்டும் தருகிறது, ஆனால் அமிலத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. லைபேஸ் செத்துப்போகிறது, கொழுப்பு மலத்தில் வெளியேறுகிறது. அவர்களுக்கும் அமிலத்தை அடக்கினால்தான் தீர்வு. சமையல் சோடா என்றால்கூட ஒரு பேச்சு, அதில் உண்மையிலேயே பைகார்பனேட் இருக்கிறது. கூடவே இரத்த அழுத்தக்காரர் பயப்பட வேண்டிய அளவு சோடியமும் இருக்கிறது. நீங்கள் விற்பது அதுவும் இல்லை.

மலத்தைப் பற்றி ஒரு பெண் பொதுவெளியில் எழுதலாமா என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு: அந்தக் கூச்சத்தால்தான் அத்தை வருடக்கணக்கில் வாய் திறக்கவில்லை. இளைத்த உடம்பைப் பார்த்து ஊரே பேசியது, ஒருவர்கூட "மலம் எப்படிப் போகிறது" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ முன்பே தெரிந்திருக்கும். எண்ணெய் மிதக்கிறதா, ஒட்டிக்கொள்கிறதா, வழக்கத்துக்கு மாறாக நாறுகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நான் கேட்பேன். இங்கேயும் கேட்பேன்.

அந்தக் காணொளியை அத்தைக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தத் தண்ணீரைக் குடிக்கவா" என்று நேற்று இரவு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கைதட்டியவர்களே, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள்.