வெபினார் கேள்விகளை எங்கே சேர்க்கலாம், எங்கே சேர்க்கக் கூடாது

வெபினார் முடிந்ததும் அதில் வந்த கேள்விகளைத் தொகுத்து, 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு பக்கம் போடுவது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அதைச் செய்யும் விதத்தில் எனக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு. கேள்விகளை எல்லாம் எக்செலில் கொட்டி, ஒரே சொல் வரும் வரிகளை ஒன்றாக்கி, பேச்சாளர் சொன்னதில் இரண்டு வாக்கியத்தை வெட்டி ஒட்டி, சாயங்காலத்துக்குள் வெளியிட்டுவிடுகிறார்கள். வருமான வரி மாதிரியான விஷயத்தில் அப்படிச் செய்தால், படித்தவர் நம்பி நடந்து பணத்தை இழப்பார்.

வெறுமனே சொன்னால் புரியாது. நான் தொகுத்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 2025 மே மாத நடுவில், சம்பளம் வாங்குபவர்களுக்காக ஓர் ஆடிட்டர் ஜூமில் நடத்திய வருமான வரி வெபினார் அது. அந்த வருஷ பட்ஜெட்டில் பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்திருந்தார்கள் அல்லவா, அதனால் கேள்விகளில் பெரும்பகுதி அதைச் சுற்றியே வந்தது.

'12 லட்சம் வரை வரி கிடையாதா?' என்று ஒருவர். 'என் சம்பளம் 12.75 லட்சம், வரி வருமா?' என்று இன்னொருவர். 'எனக்கு 12.75 லட்சம், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது வரி பூஜ்யம்தானே?' என்று ஒருவர். 'சம்பளம் 9 லட்சம், ஷேர் விற்றதில் 2 லட்சம் லாபம், மொத்தம் 12-க்குள்தான் இருக்கிறது, வரி இல்லைதானே?' என்று வேறொருவர். '12 லட்சத்துக்கு மேல் பத்தாயிரம் ரூபாய் கூடினால் முழு வரியும் கட்ட வேண்டுமா?' என்றும் ஒருவர் கேட்டார்.

சொல்லை வைத்துப் பார்த்தால் ஐந்தும் ஒன்று. எல்லாவற்றிலும் 12 லட்சம், எல்லாவற்றிலும் வரி. அவசரத்தில் தொகுப்பவர் ஐந்தையும் ஒரே தலைப்பில் போட்டு, 'ஆம், 12 லட்சம் வரை வரி இல்லை' என்று எழுதிவிடுவார். அந்தப் பதில் ஐந்தில் இரண்டு பேருக்குத்தான் பொருந்தும்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதிலை, ஒரு சொல்கூட மாற்றாமல், கேட்ட இருவரிடமும் கொடுக்க முடியுமா? இருவரும் அதை வைத்துச் சரியாக நடந்துகொள்வார்களா? ஆம் என்றால் சேர்க்கலாம். 'ஆனால் உங்கள் விஷயத்தில்...' என்று ஒருவரிடம் மட்டும் இழுக்க வேண்டி வந்தால், அது தனிக் கேள்வி.

இந்தச் சோதனையில் முதல் இரண்டும் சேர்ந்துவிடும். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின் தள்ளுபடி முழு வரியையும் அழித்துவிடுகிறது. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு இருப்பதால் 12.75 லட்சம் வரை அதே நிலை. இதை ஒரு பதிலாகவே எழுதலாம்.

மூன்றாவது ஆள் கேட்டது வேறு. அவர் 2025 ஜூலையில் போடப்போகும் ரிட்டர்ன் 2024-25 நிதியாண்டுக்கானது. அந்த ஆண்டுக்குத் தள்ளுபடி வரம்பு 7 லட்சம்தான். புதிய முறையில் 12.75 லட்சம் சம்பளத்தில் நிலையான கழிவு போக 12 லட்சம் மிஞ்சும். அதற்கு அப்போதைய விகிதப்படி வரி 80,000 ரூபாய், செஸ் 3,200 ரூபாய் சேர்த்தால் 83,200. பூஜ்யம் என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு எண்பத்து மூவாயிரம் ரூபாய் வித்தியாசம்! இந்தக் குழப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் இருந்திருக்காது என்பதால், இது தொகுப்பில் தனிக் கேள்வியாக, அதுவும் மேலேயே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை வைத்து மட்டும் வரிசைப்படுத்தியிருந்தால் அது அடியில் போயிருக்கும்.

ஷேர் லாபக் கேள்வியும் தனிதான். அவர் நிலையான கழிவு போன பிறகு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26-க்கு அந்த 9 லட்சத்துக்கான வரி தள்ளுபடியில் போய்விடும். ஆனால் பட்டியலிட்ட பங்குகளைக் குறுகிய காலத்தில் விற்ற 2 லட்சம் லாபத்துக்கு 20 சதவீதம் தனி விகிதம். தள்ளுபடி அதைத் தொடாது. 40,000 ரூபாயும் செஸ்ஸும் கட்டியாக வேண்டும். மொத்தம் 12 லட்சத்துக்குள் இருந்தும் வரி உண்டு என்பதுதான் இங்கே பதில். கடைசி ஆளுக்கு வேறு கணக்கு: வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் சாதாரணக் கணக்கில் 61,500 வரும். ஆனால் விளிம்பு நிவாரணம் இருப்பதால் வரம்புக்கு மேல் போன பத்தாயிரத்தையும் செஸ்ஸையும் மட்டும் கட்டினால் போதும். ஐந்து கேள்வி, நான்கு பதில்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சொல் வேறாக இருப்பதால் தனித்தனியாக விட்டுவிடுவார்கள். 'ஆபீஸில் புதிய முறை என்று சொல்லிவிட்டேன், ரிட்டர்னில் பழையதுக்கு மாறலாமா?' என்பதும், 'ஃபார்ம் 16-இல் நியூ ரெஜிம் என்று வந்திருக்கிறது, ஹெச்ஆர் மாற்ற மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?' என்பதும் ஒரே கேள்வி. ஆபீஸில் சொன்னது டிடிஎஸ் பிடிப்பதற்கு மட்டும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கடைசி நாளுக்குள் ரிட்டர்ன் போட்டால் எந்த முறை வேண்டும் என்பதை அதில் தேர்ந்தெடுக்கலாம். இருவருக்கும் இதே பதில் போதும். அதே நேரத்தில் 'நான் வேலையோடு ஃப்ரீலான்ஸும் செய்கிறேன், மாறலாமா?' என்று வந்தால் அதை இங்கே சேர்க்கக் கூடாது. அந்த வருமானம் தொழில் வருமானமாகிவிட்டால் ஃபார்ம் 10-ஐஇஏ தாக்கல் செய்துதான் பழைய முறைக்குப் போக முடியும். ஒரு முறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதுக்கு வர முடியாது.

சேர்த்த கேள்விகளில் எந்த வாசகத்தை மேலே வைப்பது? ஆடிட்டர் பாஷையில் திருத்தி எழுதாதீர்கள். 'வரி முறைத் தெரிவை மாற்றும் வாய்ப்பு' என்று தலைப்புப் போட்டால் யாரும் தேட மாட்டார்கள். கேட்டவர்களில் தெளிவாகக் கேட்டவரின் வாசகத்தையே எடுத்து, பெயர், கம்பெனி, சரியான சம்பளத் தொகை ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். ஜூம் தரும் கேள்வி அறிக்கையில் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்தே வரும். அந்தக் கோப்பை அப்படியே குழுவில் பகிர்வதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தன் சம்பளத்தை ஊருக்குச் சொல்வதற்காக யாரும் கேள்வி கேட்பதில்லை.

இனி பதில். வாய்மொழியாகப் பதில் சொன்ன கேள்விகளுக்கு அந்த அறிக்கையில் நேரலையில் பதில் சொல்லப்பட்டது என்ற குறிப்புதான் இருக்கும், பதில் இருக்காது. ஆகவே பதிவைக் கேட்டே ஆக வேண்டும். பதிவோடு தானாக வரும் எழுத்து வசனத்தை நம்பி எழுதினால் எண்கள் கவிழ்த்துவிடும். ஆடிட்டர் 'பன்னெண்டே முக்கால்' என்று வேகமாகச் சொன்ன ஓர் இடத்தில் வசனத்தில் 'பன்னெண்டு' மட்டும்தான் இருந்தது. எண், தேதி, ஃபார்ம் பெயர் வரும் ஒவ்வோர் இடத்தையும் காதால் கேட்டு, பக்கத்துக் கட்டத்தில் நிமிடத்தையும் நொடியையும் குறித்துவைப்பது என் வழக்கம். பின்னால் சந்தேகம் வந்தால் நேராக அந்த இடத்துக்குப் போகலாம்.

பதிலை அந்தக் கேள்வியோடு நிறுத்தாமல் அடுத்த கேள்வியின் தொடக்கம் வரை கேளுங்கள். பேசுகிறவர்கள் நிபந்தனையை முதலில் சொல்வதில்லை. 'மாறலாம், ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் பெயரைப் படிக்கும்போதுதான் 'ஆங், லேட்டா போட்டா பழைய முறை கிடைக்காது, பார்த்துக்கங்க' என்பார்கள். அந்த அரை வாக்கியம்தான் பதிலின் உயிர். அதை விட்டுவிட்டு 'மாறலாம்' என்று மட்டும் எழுதினால், டிசம்பரில் தாமத ரிட்டர்ன் போடுகிறவர் ஏமாந்துபோவார்.

அதேபோல, பேச்சாளர் சொல்லாததை நாமாகச் சேர்க்கக் கூடாது. தொகுப்பவருக்கு விஷயம் கொஞ்சம் தெரிந்திருந்தால் இந்த ஆசை அதிகம் வரும். குறை இருப்பதாகத் தோன்றினால் அதைச் சிவப்பில் குறித்துப் பேச்சாளருக்கே அனுப்பி, அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு போடலாம். எழுத்தில் என்பது முக்கியம். ஃபோனில் 'ஆமா ஆமா, சரிதான்' என்றதை வைத்து வெளியிடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் காலம் பதிலைப் பொய்யாக்கிவிடும். அந்த வெபினாரில் கடைசி நாள் ஜூலை 31 என்று ஆடிட்டர் சொன்னார். அன்றைக்கு அது சரி. மே 27 அன்று, தணிக்கை தேவையில்லாதவர்களுக்கு அது செப்டம்பர் 15 என்று நீட்டிக்கப்பட்டது. செப்டம்பர் 15 இரவில் மேலும் ஒரு நாள் கொடுத்தார்கள். பழைய முறைக்கு மாறும் கேள்வியின் பதிலும் இந்தத் தேதியைச் சார்ந்ததுதான். எனவே தேதியை ஒரே ஒரு பதிலில் மட்டும் எழுதி, மற்ற பதில்களில் 'கடைசி நாளுக்குள்' என்று சொல்லி அந்தப் பதிலுக்கு இணைப்புக் கொடுத்துவிடுவேன். மாறும்போது ஓர் இடத்தில் திருத்தினால் போதும். ஒவ்வொரு பதிலுக்கும் எந்த நிதியாண்டுக்கானது, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று இரண்டு குறிப்பும் இருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்களே வேறு என்பதால், ஆண்டு போடாமல் '87ஏ' என்று எழுதிய பதில் படிப்பவரைக் குழப்பும்.

திருத்தும்போது பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. பக்கத்தில் தேதியை மாற்றிவிடுவார்கள். யூடியூபில் இருக்கும் பதிவில் ஆடிட்டர் இன்னும் ஜூலை 31 என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். வீடியோவின் கீழே உள்ள விவரப் பகுதியில் முதல் வரியாகவே, இத்தனையாவது நிமிடத்தில் சொன்ன தேதி மாறிவிட்டது, புதிய பதில் இங்கே இருக்கிறது என்று போட வேண்டும். எழுதியதைப் படிப்பவரைவிட வீடியோவை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம்.