நான் இல்லாத குரூப்

சனிக்கிழமை ராத்திரி நம் செட் குரூப்பில் விழுந்த ஸ்டிக்கரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அழிப்பதற்குள் நானும் பார்த்துவிட்டேன். கல்யாண மண்டபத்தில் நான் மைக் பிடித்த படம், கீழே "அ... அ... அதாவது". நல்லாத்தான் செய்திருக்கிறார்கள், கட்டிங் எல்லாம் சுத்தம். குரூப் மாறிப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். போக வேண்டிய குரூப்பில் நான் இல்லை.

கிண்டல் பண்ணியது பிரச்சினை இல்லை. திரும்பவும் சொல்கிறேன், கிண்டல் பிரச்சினையே இல்லை. நான் இல்லாத இடத்தில் பண்ணியதுதான் பிரச்சினை.

ஹாஸ்டலில் என் ரூம்மேட் என் திக்குவாயை என் எதிரிலேயே நடித்துக் காட்டுவான். நானும் அவன் குறட்டையை விடமாட்டேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், வழக்கம்போல ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, "சாப்டியாடா?" என்றான். முகம் எதிரில் இருந்தது, நிறுத்தினான். ஆளே இல்லாத இடத்தில் பேசுகிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

ரோஸ்ட்டைப் பிரபலமாக்கிய நியூயார்க் ஃபிரையர்ஸ் கிளப்பில் அந்தக் காலத்தில், கலாய்க்கப்படுபவர்தான் அன்றைய சிறப்பு விருந்தினர். மேடையிலேயே உட்கார வைத்து ஆளாளுக்கு வாருவார்கள். கடைசியில் மைக் அவர் கைக்கு வரும், அவர் ஒவ்வொருவரையும் திருப்பி வாருவார். நம்மூர் தனிப்பாடல் கதையும் அதேதான். கம்பர் 'அடி' போட்டு ஔவையாரைச் சீண்டுகிறார், ஔவையார் 'அடா' போட்டு வட்டியோடு திருப்பித் தருகிறார். ஔவையார் இல்லாத சபையில் கம்பர் அதைச் சொல்லியிருந்தால் நமக்கு அந்தப் பாட்டே கிடைத்திருக்காது.

"நேரில் சொன்னால் உனக்கு வலிக்கும்னுதான்" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். அடடா, என்ன கரிசனம்! எனக்கு வலிக்கும் என்று தெரிந்திருக்கிறது, அதனால் கிண்டலை விடவில்லை, என்னை மட்டும் விட்டுவிட்டீர்கள். நான் திருப்பி ஏதாவது சொல்லிவிடுவேன் என்ற பயம்தானே அது?

சரி, நேரில் சொல்வதெல்லாம் ரோஸ்ட்டா? இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மீட்டிங்கில் மேனேஜர் புதுப்பையனின் இங்கிலீஷைக் கிண்டல் பண்ணினால் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பதில் சொன்னால் அப்ரைசலில் தெரியும். திருப்பிச் சொல்ல முடியாதவனை நேரில் அடித்தாலும் அது ரோஸ்ட் ஆகாது. "நீ யாரைப் பற்றியும் பேசினதே இல்லையா?" பேசியிருக்கிறேன். ஸ்டிக்கர் செய்ததில்லை. அடுத்த கேள்வி.

உண்மையில் ஸ்டிக்கர் செய்தவர் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. அந்தக் குரூப் எப்போது ஆரம்பித்தது என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் வந்து சாப்பிட்டீர்களே, அதற்கு முன்பா, பின்பா? அன்றைக்கு நான் பேசும்போது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். என் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறீர்கள் என்று நினைத்து, நான் இன்னொன்றும் சொன்னேன்.