நடுவில் தொட்டாலும் கம்பி ஒலிக்கும்
"இரு முனையும் இறுக்கிய கம்பியை நடுவில் தொட்டால் அதிர்வு நின்றுவிடும்" என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எந்த இடத்தில் மீட்டினீர்கள் என்பதைப் பொறுத்த விடயம் இது. கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு நான் சுரமானியில், அதாவது பெட்டிமேல் கம்பியை இழுத்துக் கட்டிய கருவியில், செய்து காட்டுவதைச் சொல்கிறேன். கம்பி 60 செ.மீ., அலையின் வேகம் செக்கனுக்கு 240 மீற்றர் என்று வையுங்கள். முனைகள் அசையாததால் நீளத்துக்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். அதனால் 200, 400, 600, 800 ஹேர்ட்ஸ் என்றுதான் மீடிறன்கள் வரும், இடையில் 300க்கு இடமில்லை. நடுப்புள்ளியில் 200க்கும் 600க்கும் மிக அதிகமாக அதிரும் முரண்கணு, 400க்கும் 800க்கும் அசையாத கணு. சரி, நட்டநடுவில் மீட்டினால் 200, 600 வகை மட்டுமே எழும், பிறகு அங்கேயே விரல் வைத்தால் எல்லாம் அடங்கிவிடும். கட்டுரையாளர் கண்டது அநேகமாக இதைத்தான். முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி மீட்டி, நடுவை விரல் நுனியால் மெல்லத் தொட்டு உடனே எடுத்துப் பாருங்கள்: 200 மறைந்து 400 தெளிவாகக் கேட்கும். விரலை எடுத்த பிறகும் அது தொடரும். மடித்த சிறு கடதாசித் துண்டை அப்போது நடுவில் வைத்தால் அப்படியே இருக்கும், 15 செ.மீ. இடத்தில் வைத்தால் துள்ளி விழும். ஆனால் விரல் நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் 400உம் மங்கிவிடும், மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.